கல்யாணம் உங்களுக்கா, கேமராவுக்கா? செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

நிச்சயதார்த்தம் முடிந்த வீட்டில் முன்பெல்லாம் அடுத்த கேள்வி, “மண்டபம் கிடைச்சுதா?” என்பதாக இருக்கும். இப்போது அதற்கு முன்பே, “ஷூட் எங்க வெச்சிருக்கீங்க?” என்று கேட்டுவிடுகிறார்கள். ப்ரீ வெட்டிங் ஷூட், சேவ் தி டேட் வீடியோ, டீசர், கல்யாணத்தன்று கேண்டிட், ட்ரோன், ரிசப்ஷனில் எல்இடி திரை, முடிந்த கையோடு ரீல்ஸ், பிறகு போஸ்ட் வெட்டிங். பத்திரிகை அடிக்கும் முன்னாலேயே இவையெல்லாம் ஒரு பேக்கேஜாகப் பேசி முடிக்கப்படுகின்றன.

கல்யாண போட்டோகிராபி என் தொழில். வீடியோ கேசட் காலத்தில் நாங்கள் சடங்கின் பின்னால் ஓடினோம். ஐயர் எங்களுக்காகக் காத்திருக்க மாட்டார். எடுக்க முடிந்ததை எடுத்தோம். இன்று பல மண்டபங்களில் சடங்கு எங்களுக்காக நிற்கிறது. பெண்ணும் பையனும் ஒருவரை ஒருவர் எப்போது பார்க்க வேண்டும், எப்போது சிரிக்க வேண்டும், யார் நெற்றியில் யார் முத்தமிட வேண்டும் என்று சொல்லும் வேலை எங்கள் கைக்கு வந்துவிட்டது. இந்த அதிகாரத்தை யாரும் எங்களுக்கு யோசித்துக் கொடுக்கவில்லை. பேக்கேஜோடு சேர்ந்து வந்துவிட்டது.

ஷூட்டே வேண்டாம் என்பது என் கட்சி இல்லை. 2019 வாக்கில் போபாலில் சில சமூக அமைப்புகள் ப்ரீ வெட்டிங் ஷூட்டுக்குத் தடை போட்டன. தடையெல்லாம் தேவையில்லாத வேலை. எது உங்களுக்கு, எது ஊருக்கு என்ற கோட்டை நீங்களே போட்டுக்கொண்டால் போதும். அதை எங்கே, எப்படிப் போடுவது என்பதற்குத்தான் இந்தப் பட்டியல்.

செய்ய வேண்டியவை

1. ஷூட்டுக்கு முன்னால் ஒரு முறையாவது கேமரா இல்லாமல் சந்தியுங்கள்

வீட்டில் பார்த்து முடித்த கல்யாணமாக இருந்தால் இதைக் கட்டாயமாக வைத்துக்கொள்ளுங்கள். பெண் பார்த்த அன்று பத்து நிமிடம், நிச்சயத்தன்று மேடையில் ஒரு மணி நேரம், மற்றபடி போன் பேச்சு. இந்த நிலையில் நேராக ஷூட்டுக்கு வரும் ஜோடிகள் ஏராளம். அவர்கள் முதன்முதலாகக் கை கோப்பதே, “சார், மேடம் கையைப் பிடிங்க” என்று உதவியாளர் சொல்லும்போதுதான். சுற்றிலும் போட்டோகிராபர், வீடியோகிராபர், லைட் பிடிக்கும் பையன், மேக்கப் அக்கா, டிரைவர், துணைக்கு வந்த பெண்ணின் தம்பி என்று ஆறு பேர் நிற்பார்கள்.

அப்படி வரும் ஜோடியை லென்ஸில் பார்த்தாலே எங்களுக்குத் தெரிந்துவிடும். தோள் இரண்டும் காது வரை ஏறியிருக்கும். பிடித்த கையில் விரல்கள் விறைத்து நிற்கும். சொன்னதும் சிரிப்பார்கள்; ஷட்டர் சத்தம் நின்றதும் சிரிப்பும் நின்றுவிடும். ஷூட்டுக்கு முந்தின வாரம் இரண்டு பேரும் ஒரு டிபன் கடையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசிவிட்டு வந்தாலே இதில் பாதி சரியாகும். படம் நன்றாக வரும் என்பது கூடுதல் லாபம். வாழ்க்கையில் ஒரு முறை மட்டும் வரும் அந்த முதல் தயக்கம் ஆறு பேர் முன்னால் செலவாகாமல் உங்களிடமே மிஞ்சும்.

2. யார் பார்ப்பதற்கு எடுக்கிறோம் என்று முதலிலேயே பிரித்துவையுங்கள்

போட்டோகிராபரைத் தேடும் முன்னால் இரண்டு பேரும் உட்கார்ந்து மூன்று பங்காகப் பிரியுங்கள். முதல் பங்கு உங்கள் இருவருக்கு மட்டும். இரண்டாவது, வீட்டார் பார்க்கும் ஆல்பத்துக்கு. மூன்றாவது, இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் போக. பிரித்த பிறகு ஒரு சோதனை: முதல் பங்கில் ஒன்றுமே இல்லாமல், எல்லாமே மூன்றாவதில் போய் விழுந்திருந்தால், நீங்கள் திட்டமிட்டிருப்பது உங்கள் காதலை அல்ல, ஒரு விளம்பரப் படத்தை.

இருவரின் பிரிவும் ஒன்றாக இருக்காது. ஒருவருக்கு எல்லாவற்றையும் போட ஆசை இருக்கும், இன்னொருவருக்கு ஒரு படம் போட்டாலே கூச்சம். எங்கள் அனுபவத்தில் பெரும்பாலும் கூச்சப்படுகிறவர்தான் விட்டுக்கொடுக்கிறார். அது வேண்டாம். குறைவாகப் போட நினைப்பவர் சொல்வதே முடிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். போடாததை எப்போது வேண்டுமானாலும் போடலாம், போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது.

3. ஒப்பந்தம் எழுதுங்கள், பதிப்புரிமையை விட்டுக்கொடுக்காதீர்கள்

இது பல பேருக்குத் தெரியாத விஷயம். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்துச் சொல்லி எடுக்கப்பட்ட புகைப்படத்துக்கும் வீடியோவுக்கும் முதல் உரிமையாளர் பணம் கொடுத்தவர்தான். வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாத வரை இதுதான் நிலை. ஆகவே உங்கள் படங்கள் இயல்பாகவே உங்களுடையவை. சிக்கல், அட்வான்ஸ் கொடுக்கும்போது நீங்கள் படிக்காமல் கையெழுத்துப் போடும் தாளில் இருக்கிறது. எடுத்த படங்களை ஸ்டூடியோ தன் விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாம் என்ற வரி அதில் எங்கோ கீழே பொடி எழுத்தில் இருக்கும். அந்த ஒரு வரியில் வெளியிடும் அனுமதியைக் கொடுத்துவிடுகிறீர்கள்.

எங்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த ஆர்டர் எங்களுக்கு இன்ஸ்டாகிராம் பக்கத்திலிருந்துதான் வருகிறது. படம் போட அனுமதி இல்லை என்றால் சில ஸ்டூடியோக்கள் கட்டணத்தைக் கூட்டிச் சொல்லும். பேரம் பேசுங்கள், ஆனால் எழுதி வாங்குங்கள். இந்த அளவுக்கு இருந்தால் போதும்:

> “படங்கள், வீடியோக்கள் அனைத்தின் பதிப்புரிமையும் மணமக்களுக்கே. கல்யாணம் முடிந்து 30 நாள் வரை ஸ்டூடியோ எதையும் வெளியிடாது. அதன் பிறகு, மணமக்கள் இருவரும் எழுத்தில் சம்மதித்த படங்களை மட்டும் வெளியிடலாம். இருவரில் யார் கேட்டாலும் 48 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும். கல்யாணம் நடக்காமல் போனால் எல்லாப் படங்களையும் அழித்து, அழித்ததாக எழுதித் தர வேண்டும்.”

கடைசி வரியைக் கேட்டதும் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். நல்ல காரியத்தில் அபசகுனமாக எதற்கு எழுத வேண்டும் என்பார்கள். ஆனால் நிச்சயத்துக்குப் பிறகு நின்றுபோன கல்யாணம் எல்லா ஊரிலும் உண்டு. அப்படி நின்ற பிறகு, கட்டிப்பிடித்த படம் ஸ்டூடியோவின் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தால் அடுத்த வரன் பேசும்போது அது யாருக்கு இடைஞ்சல் என்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பெண்ணைப் பெற்றவர்கள் இந்த வரியை வலியுறுத்தியே ஆக வேண்டும்.

4. ஒரே கல்யாணத்தின் எல்லாப் படங்களையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்

ஸ்டூடியோவின் பக்கத்தில் இருப்பவை பல கல்யாணங்களிலிருந்து பொறுக்கி எடுத்தவை. ஒரு கல்யாணத்துக்கு ஒன்று என்று எடுத்து வைத்தால் யாருடைய பக்கமும் ஜொலிக்கும். அதனால், யாராவது ஒரு ஜோடி காட்டச் சம்மதித்த முழுத் தொகுப்பைக் கேளுங்கள். அதில் இரண்டு விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது, பந்தியும் பாட்டியும். சாப்பாட்டுக் கூடத்தில் இலை போடுகிறவர், முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும் தாத்தா, மூலையில் தூங்கும் குழந்தை, அழுகையை அடக்கும் பெண்ணின் அப்பா. இவர்கள் யாரும் சொல்லிக்கொடுத்து நடிப்பவர்கள் இல்லை. இவர்கள் படத்தில் இருந்தால் அந்தப் போட்டோகிராபருக்கு நடப்பதைப் பார்க்கும் கண் இருக்கிறது. நூற்றுக்கணக்கான படங்களில் ஜோடி மட்டுமே இருந்தால், கேண்டிட் என்ற பெயரில் அவர் எடுப்பதும் போஸ்தான்.

இரண்டாவது, நிறம். பெண்ணின் முகத்தையும் கையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். முகம் மட்டும் இரண்டு படி வெளுத்து, முழங்கை தன் நிறத்தில் இருந்தால் எடிட்டிங்கில் தேய்த்திருக்கிறார்கள். பக்கத்தில் நிற்கும் அம்மாவின் நிறத்தோடும் ஒப்பிடலாம். ஒப்பந்தத்தில், “தோல் நிறத்தை மாற்றக்கூடாது, மச்சம் தழும்புகளை அழிக்கக்கூடாது” என்று சேர்த்துவிடுங்கள். சொல்லாவிட்டால் வெளுப்பாக்குவதுதான் வழக்கம். வீட்டார் சந்தோஷப்படுவார்கள் என்று எடிட்டர் அவராகவே முடிவு செய்துவிடுகிறார்.

5. ஒரு இடம், இரண்டு உடை, ஒரு காலைப்பொழுது

தாம்பரத்துப் பெண்ணும் வேலூர்ப் பையனும் தை மாதம் ஷூட் வைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பேக்கேஜில் வருவது இப்படி இருக்கும்: காலையில் மாமல்லபுரம் கடற்கரை, மதியம் புதுச்சேரியின் பிரெஞ்சுத் தெருக்கள், மாலையில் ஒரு ரிசார்ட். நான்கு உடை. அதிகாலை 4 மணிக்கு மேக்கப்பில் உட்கார வேண்டும். மாமல்லபுரத்திலிருந்து புதுச்சேரி போக ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். ஒவ்வொரு உடை மாற்றத்துக்கும் முடி, நகை, பொட்டு எல்லாம் சேர்த்து முக்கால் மணி நேரம் போகும். நண்பகல் வெயிலில் கண்ணுக்குக் கீழே கறுப்பாக நிழல் விழும். அதற்குக் குடையும் ரிஃப்ளெக்டரும் பிடிப்பார்கள். இரவு 8 மணிக்குக் காரில் ஏறும்போது இருவரும் ஆளுக்கு ஒரு பக்கம் கண்ணாடியில் சாய்ந்து தூங்குவார்கள். நாள் முழுக்கச் சேர்ந்து இருந்தார்கள், அரை மணி நேரம்கூடப் பேசியிருக்க மாட்டார்கள்.

இதையே வேறு விதமாகச் செய்யலாம். தையில் நம் கிழக்குக் கடற்கரையில் சூரியன் ஆறரை மணி வாக்கில் எழும். கடல் பக்கமிருந்து வரும் அந்த மென்மையான வெளிச்சம் எட்டு மணி வரை முகத்துக்கு நேராகக் கிடைக்கும். ஒரு உடையில் கடற்கரை. பிறகு உடை மாற்றி, நிழல் உள்ள ஒரு தெருவிலோ தோப்பிலோ ஒரு மணி நேரம். பத்து மணிக்குள் மூட்டை கட்டிவிடலாம். அதன் பிறகு எங்களை அனுப்பிவிட்டு இருவரும் ஓட்டலில் உட்கார்ந்து பொங்கல் வடை சாப்பிடுங்கள். அந்தப் பகுதிக்குப் படம் வேண்டாம்.

இடத்துக்கு அனுமதி உண்டா என்று முதலிலேயே கேளுங்கள். மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலும் ஐந்து ரதமும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. போன் கேமராவில் படம் எடுப்பது வேறு, முக்காலியும் லைட்டும் வைத்து ஷூட் செய்வது வேறு. இரண்டாவதற்கு முன் அனுமதி வேண்டும். அனுமதி யார் பொறுப்பு என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். இல்லாவிட்டால் பட்டுப்புடவையோடு காவலாளியிடம் கெஞ்சிக்கொண்டு நிற்பது நீங்களாகத்தான் இருக்கும்.

6. முகூர்த்தத்துக்குக் கேமரா நிற்கும் இடத்தை முந்தின இரவே முடிவு செய்யுங்கள்

இப்போதைய கல்யாண மேடையில் எங்கள் ஆட்களை எண்ணிப் பாருங்கள். டிரெடிஷனல் போட்டோகிராபர், கேண்டிட் போட்டோகிராபர், இரண்டு வீடியோ, கிம்பல் பிடித்துச் சுற்றி வரும் ஒருவர், ரீல்ஸ் எடுக்கப் போனோடு ஒருவர், லைட் பையன். கெட்டி மேளம் கொட்டும்போது ஏழு பேரும் மேடையில் இருப்பார்கள். ஐயர் கையசைத்து, மேளம் உயர்ந்து, மூன்று முடிச்சும் விழ ஒரு நிமிடம்கூட ஆகாது. கீழே இருக்கும் முந்நூறு பேரும் அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் விடியற்காலையில் எழுந்து வந்தவர்கள். அவர்கள் பார்ப்பது எங்கள் ஏழு பேரின் முதுகை. அவர்கள் தூவும் அட்சதை விழுவதும் எங்கள் தலையில்தான்.

இதைச் சரிசெய்யத் தனியாகச் செலவு ஒன்றும் ஆகாது. முந்தின இரவு மேடை அலங்காரம் முடிந்ததும் போட்டோகிராபரையும் வீட்டுப் பெரியவர் ஒருவரையும் நிறுத்தி இடம் குறியுங்கள். மேடையில் இரண்டே பேர். இருவரும் பக்கவாட்டில், உட்கார்ந்த நிலையில். கேண்டிட் எடுப்பவர் 70-200 லென்ஸோடு கூடத்தின் ஓரத்தில் நிற்கட்டும். அந்த லென்ஸுக்கு முப்பது அடி தூரம் ஒரு பொருட்டே இல்லை. பெரிய வீடியோ கேமரா கூடத்தின் பின்னால் உயரமான முக்காலியில். தாலி கட்டும் முன் ஐந்து நிமிடமும் பின் ஐந்து நிமிடமும் கிம்பலும் போனும் மேடை ஏறக்கூடாது. சில கோணங்கள் போகும், ஒப்புக்கொள்கிறேன். வந்தவர்கள் கல்யாணத்தைப் பார்ப்பார்கள்.

செய்யக்கூடாதவை

1. உடம்பை யாரோ ஒருவர் சொல்படி ஒப்படைக்காதீர்கள்

“இன்னும் கிட்ட… இன்னும் கிட்ட… மேடம், கழுத்தைச் சுத்திக் கையைப் போடுங்க.” இந்தக் குரலுக்கு மறுப்புச் சொல்வது கஷ்டம். வருங்கால மாப்பிள்ளை என்ன நினைப்பாரோ என்று பெண்ணுக்கு இருக்கும். இதுக்கே கூச்சப்படுறானே என்று நினைப்பாளோ என்று பையனுக்கு இருக்கும். இருவருமே விருப்பமில்லாமல் செய்த போஸ் என்று பிறகு தெரிந்த சந்தர்ப்பங்கள் உண்டு.

முந்தின நாளே இருவரும் பேசி, வேண்டாத போஸ்களைப் பட்டியல் போட்டு எங்களுக்கு அனுப்பிவிடுங்கள். தூக்குவது வேண்டாம், முத்தம் வேண்டாம், தண்ணீரில் நனைவது வேண்டாம் என்று நேரடியாக எழுதுங்கள். அன்றைக்குப் புதிதாக ஏதாவது சொன்னால் நிறுத்த ஒரு சைகை வைத்துக்கொள்ளுங்கள். காதணியைத் தொட்டால் வேண்டாம் என்று பொருள், அப்படி ஏதாவது. பெண் சைகை காட்டினால் பையன்தான் வாயைத் திறந்து, “இது வேண்டாம் அண்ணா, அடுத்ததைப் பார்ப்போம்” என்று சொல்ல வேண்டும். நல்ல போட்டோகிராபர் இதற்கு முகம் கோண மாட்டார்.

2. டீசரில் தெரியும் நெருக்கத்தை வைத்து உங்கள் நெருக்கத்தை அளக்காதீர்கள்

டீசரில் பெண் திரும்பிப் பார்க்கிறாள், முடி காற்றில் பறக்கிறது, பையன் உருகி நிற்கிறான். இது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். கேமராவை விநாடிக்கு 120 ஃபிரேமில் வைத்து எடுப்போம். அதை 24 ஃபிரேமில் ஓட்டினால் ஒரு விநாடிப் பார்வை ஐந்து விநாடிக்கு நீளும். அந்த நீளத்தில் சாதாரணமாகக் கண் சிமிட்டுவதுகூட ஏக்கமாகத் தெரியும். முடி பறப்பதற்குத் தெர்மாகோல் அட்டையோடு ஒரு பையன் ஓரத்தில் நிற்பான். ஸ்லோ மோஷனில் எடுக்கும்போது ஒலியைப் பதிவே செய்வதில்லை, மேலே பாட்டுதான் வரப் போகிறது. அதனால், “சும்மா பேசிட்டே நடங்க, வாய்ஸ் வராது” என்போம். ஜோடி என்ன பேசும்? ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ணும். இல்லாவிட்டால், “பசிக்குது, எப்ப விடுவாங்க?” என்று கேட்டுக்கொள்ளும். பாட்டு சேர்த்ததும் அதே காட்சியைப் பார்த்து ஊரே உருகும்.

இது ஏமாற்று வேலை இல்லை, சினிமா டூயட்டிலிருந்து வந்த கைத்தொழில். ஆபத்து, இதை உண்மை என்று எடுத்துக்கொண்டு ஒப்பிடுவதில் இருக்கிறது. தோழியின் டீசரைப் பார்த்து, “அவர் எவ்வளவு லவ்வா பார்க்கிறார், நீங்க ஏன் அப்படிப் பார்க்கல?” என்று கேட்டுச் சண்டை போட்ட ஜோடிகளை நாங்கள் ஷூட் நடுவிலேயே பார்த்திருக்கிறோம். அந்தப் பார்வை ஐந்து மடங்கு இழுக்கப்பட்டது என்பதை நினைவில் வையுங்கள்.

3. படத்துக்காகத் தண்ணீரிலும் தண்டவாளத்திலும் இறங்காதீர்கள்

2020 நவம்பரில் கர்நாடகத்தின் தலக்காடு பக்கம், கல்யாணத்துக்குச் சில நாட்களே இருந்த ஒரு ஜோடி ஷூட்டுக்காகக் காவிரியில் பரிசலில் போனது. பரிசல் கவிழ்ந்து இருவரும் இறந்தார்கள். கனமான உடை நனைந்தால் நீந்தத் தெரிந்தவரையும் இழுத்துவிடும். பரிசலில் எழுந்து நிற்பது, வழுக்குப் பாறையில் குதிகால் செருப்போடு ஏறுவது, அலைக்கு முதுகைக் காட்டி நிற்பது, இந்த மூன்றுக்கும் யார் கேட்டாலும் முடியாது என்று சொல்லுங்கள். லென்ஸுக்குப் பின்னால் இருப்பவர் கண்ணில் சட்டகம் மட்டும்தான் இருக்கும், தண்ணீரின் ஆழம் இருக்காது.

ரயில் தண்டவாளத்தில் நடந்து எடுப்பது 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவின்படி அத்துமீறல்; ஆறு மாதம் வரை சிறை, ஆயிரம் ரூபாய் வரை அபராதம். ட்ரோன் பறக்கவிடுவதற்கும் 2021-இல் வந்த விதிகள் உண்டு. உங்கள் இடம் எந்த மண்டலத்தில் வருகிறது என்று அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பார்த்துச் சொல்லும்படி ஸ்டூடியோவிடம் கேளுங்கள். மாமல்லபுரத்துக்குப் பக்கத்திலேயே கல்பாக்கம் அணுமின் நிலையம் இருப்பதை ஞாபகப்படுத்துங்கள்.

வேலை செய்யும் இடத்தையும் செட்டாக மாற்றாதீர்கள். 2024 பிப்ரவரியில் சித்ரதுர்கா மாவட்டத்து அரசு மருத்துவமனை ஒன்றின் அறுவைச் சிகிச்சை அறையில் வருங்கால மனைவியோடு ஷூட் நடத்திய டாக்டரின் வேலை போனது.

4. சடங்கை மறுபடி செய்யாதீர்கள்

“மாப்ள, சரியா விழல. தாலியை அப்படியே ஒரு தரம் தூக்கிக் காட்டுங்க.” “அப்பா, தாரை வார்த்ததை இன்னொரு வாட்டி ஊத்துங்க, ஃபோகஸ் போயிடுச்சு.” இதைச் சொல்ல எங்களுக்குக் கூச்சமாக இருக்க வேண்டும், இருப்பதில்லை. பெண்ணைத் தாரை வார்க்கும்போது ஒரு அப்பாவுக்குக் கை நடுங்கும். இரண்டாவது முறை நடுங்காது. நாங்கள் ஆல்பத்தில் வைப்பதோ இரண்டாவது படத்தை.

எடுக்க முடியாமல் போனது போனதுதான் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போஸ் கொடுக்கிற படங்களுக்கு முகூர்த்தம் முடிந்து, பெரியவர்கள் காலில் விழுந்து எழுந்த பிறகு அரை மணி நேரம் தனியாக ஒதுக்குங்கள். அங்கே எப்படி வேண்டுமானாலும் நில்லுங்கள். சடங்கு நடக்கும்போது எங்களுக்குப் பேச்சுரிமை கிடையாது என்பதே சரியான விதி. ஐயரோ, நாத்தனார் முடிச்சுப் போட நிற்கும் அக்காவோ எங்கள் சைகைக்காகக் காத்திருக்கக்கூடாது.

5. ரிசப்ஷன் திரையில் ப்ரீ வெட்டிங் வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டாதீர்கள்

இது இப்போதைய வழக்கம். மேடைக்கு இரண்டு பக்கமும் எல்இடி திரை, அதில் கடற்கரையில் கட்டிப்பிடிக்கும் காட்சி சுற்றிச் சுற்றி வரும். கீழே வரிசையில் மொய்க் கவரோடு உங்கள் மேலதிகாரி, பள்ளிக்கூட டீச்சர், பெரியப்பா. மேடையில் இருக்கும் பெண் தலையைக் குனிந்துகொள்வாள். இருவருக்காக எடுத்த படம் என்று சொன்னது, அன்றைக்கு முழு மண்டபத்துக்கும் காட்சிப்பொருளாகிவிடுகிறது. ஆளுயரத் திரை ஓடும்போது மேடையில் இருக்கும் நிஜ ஜோடியை யாரும் பார்ப்பதும் இல்லை.

காட்ட வேண்டும் என்று தோன்றினால் இரண்டு பேரும் பார்த்துச் சம்மதித்த மூன்று நிமிடத் தொகுப்பை, எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது ஒரே ஒரு முறை போடுங்கள். மற்ற நேரம் தாத்தா பாட்டியின் கல்யாணப் படம், அப்பா அம்மாவின் பழைய ஆல்பம் ஓடட்டும். வந்தவர்களில் பாதிப் பேர் அதில் தங்களையே தேடுவார்கள்.

6. தாலி ஏறும் முன் எதையும் பொதுவில் போடாதீர்கள்

2020 அக்டோபரில் கேரளத்தில் ஒரு புதுமணத் தம்பதியின் படங்கள் பரவின. வாகமண் தேயிலைத் தோட்டத்தில், வெள்ளைப் போர்வை சுற்றியதுபோல் எடுத்த போஸ்ட் வெட்டிங் ஷூட். அவர்கள் செய்ததில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனாலும் முன்பின் தெரியாத ஆயிரக்கணக்கானவர்கள் அவர்களை, அதிலும் அந்தப் பெண்ணை, அசிங்கமாகத் திட்டினார்கள். திட்டியவர்கள்மேல்தான் தப்பு. அவர்களுக்காவது கல்யாணம் முடிந்திருந்தது. நீங்கள் முன்னாலேயே போட்டால், கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அப்படிப்பட்ட கருத்துகளைப் படித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கப் போவது நீங்களும், உங்கள் அம்மாவும், வருங்கால மாமியாரும்.

போடுவதைக் கல்யாணத்துக்குப் பிறகு போடுங்கள். அப்போது அடுத்த வீட்டுக்காரரின் கருத்து உங்கள் கல்யாணத்தைத் தொடாது. சேவ் தி டேட் அவசியம் என்றால் தேதி, இடம், இரண்டு பேர் நடந்து போகும் ஒரு படம் போதும். அதுவும் அழைக்கப் போகிறவர்களின் வாட்ஸ்அப்புக்கு மட்டும்.

கடைசியாக, அட்வான்ஸ் கொடுக்கும் முன் எங்களிடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வி: “கல்யாணத்தில் நீங்கள் நிறுத்தி எடுப்பது எவ்வளவு, நடப்பதை எடுப்பது எவ்வளவு?” இதற்கு நேராகப் பதில் சொல்லத் தெரியாதவர் எவ்வளவு விலை குறைத்துச் சொன்னாலும் விட்டுவிடுங்கள். எங்களுக்கு அது ஒரு நாள் வேலை, அடுத்த முகூர்த்தத்தில் வேறு மண்டபத்தில் இருப்போம். யார் சொன்னதும் கை கோத்தோம் என்பது உங்களோடு காலம் முழுக்க வரும். அதைச் சொல்லும் உரிமையைப் பேக்கேஜில் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள்.